பாதி விலை மஸ்காராவும் பெட்டியிலுள்ள 6M-உம்: திருமலை ஆட்கள் கவனம்

திருகோணமலை டவுனில் அழகுசாதனக் கடைகளில் "பாதி விலை" என்று எழுதி ஒரு கூடை வைத்திருப்பார்கள் பாருங்கள், அதற்குள் இருந்து கண்ணுக்குப் போடுகிற எதையும் வாங்காதீர்கள். கடையின் பெயரை நான் போடப்போவதில்லை, இந்த வேலையைச் செய்கிற கடை அது ஒன்று மட்டும் என்று நான் நினைக்கவும் இல்லை.

என் தங்கச்சி ஒரு கல்யாண வீட்டுக்காக அந்தக் கூடையில் இருந்து ஒரு மஸ்காரா எடுத்தாள். நல்ல பெயருள்ள சாமான், பெட்டியும் இருந்தது, காலாவதித் திகதி அடுத்த வருசக் கடைசி வரைக்கும் போட்டிருந்தது. கல்யாணம் முடிந்து ஓரிரு நாளில் இடது இமையின் ஓரம் சிவந்து வீங்கி, காலையில் பீளை ஒட்டிக் கண் திறக்க முடியாமல் போய்விட்டது. கண் டொக்டர் மருந்து எழுதித் தந்துவிட்டு, இது மஸ்காராவால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அதை இனித் தொட வேண்டாம் என்றார். சரி, அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் வீட்டுக்கு வந்து அந்தக் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோதுதான் கதை விளங்கியது. மூடியைத் திருகும் கழுத்துப் பகுதியில் பழைய மை காய்ந்து வளையம் வளையமாக ஒட்டியிருந்தது. பெட்டியின் அடி மடிப்பைத் திறந்து திரும்பவும் பசை வைத்து ஒட்டியிருந்தார்கள்.

கடைக்குக் கொண்டுபோய்க் கேட்டால், முதலாளி பெட்டியைத் திருப்பித் திகதியைக் காட்டி, "இன்னும் ஒரு வருசத்துக்கு மேல கிடக்குத்தானே அக்கா, பிறகென்ன?" என்கிறார். பக்கத்திலேயே இருந்த மூடி திறந்த சாடிப் படத்தையும் அதற்குள் இருந்த 6M-ஐயும் நான் காட்டினேன். "அது வெளிநாட்டுக்காரருக்குப் போட்டது, இங்க நாங்கள் திகதியைத்தான் பார்க்கிறது" என்று பதில் வந்தது. அப்போது சாமான் அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை ஒருத்தி வாய்தவறி, "அது பூசிப் பார்க்க வச்சிருந்த பீஸ் அக்கா" என்று சொல்லிவிட்டாள். முதலாளி அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

இதில் இரண்டு கணக்கு இருக்கிறது, கடைக்காரர் ஒன்றை மட்டும் காட்டி ஏமாற்றுகிறார். பெட்டியில் உள்ள திகதி, திறக்காமல் ஒழுங்காக வைத்திருந்தால் எதுவரை நல்லது என்பது. சாடிப் படத்தில் உள்ள எண், முதல் தடவை திறந்த நாளில் இருந்து எத்தனை மாதம் பாவிக்கலாம் என்பது. M என்றால் மாதம். 6M என்றால் ஆறு மாதம், 12M என்றால் ஒரு வருசம். எது முதலில் முடிகிறதோ அதோடு சாமானின் ஆயுள் முடிந்தது. ஆகவே யாரோ திறந்து, ஷோக்கேஸில் மாதக்கணக்கில் ஆளுக்கு ஆள் பூசிப் பார்த்த மஸ்காராவுக்கு அந்தத் திகதியால் ஒரு பிரயோசனமும் இல்லை. எப்போது திறந்தார்கள் என்று தெரியாவிட்டால் 6M-ஐ எங்கிருந்து எண்ணுவது?

இந்தப் படம் ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருந்து வந்தது, 2005-இல் இருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கே ஒரு விதி உண்டு: திறக்காமல் 30 மாதத்துக்கு மேல் நிற்கும் சாமானுக்குக் காலாவதித் திகதி போடத் தேவையில்லை, சாடிப் படம் மட்டும் போதும். லண்டன், பாரிஸ் என்று சொந்தக்காரர் கொண்டுவந்து தரும் கிறீம்களில் திகதி தேடிக் களைப்பது இதனால்தான். திகதி இல்லை என்பதற்காக அது போலிச் சாமானும் ஆகாது, "இதுக்கு எக்ஸ்பயரியே இல்லை" என்று சில கடைகளில் அளப்பது போல ஆயுசுக்கும் நிற்கிற சாமானும் ஆகாது.

மஸ்காராவுக்கு ஏன் இவ்வளவு குறைந்த காலம் என்றால், அது ஈரமான சாமான், அதோடு பிரஷ் ஒவ்வொரு தடவையும் இமை மயிரில் பட்டு, அங்கே சாதாரணமாகவே இருக்கும் கிருமிகளை அள்ளிக்கொண்டு, இருட்டும் ஈரமுமான குழாய்க்குள் திரும்பப் போகிறது. உள்ளே கிருமித் தடுப்புப் பொருள் போட்டிருப்பார்கள், ஆனால் அது ஒரு ஆள் தன் கண்ணுக்கு மட்டும் பாவிப்பார் என்ற கணக்கில் போட்ட அளவு. தினமும் வரும் கிருமியோடு மல்லுக்கட்டிக் கட்டி அதன் பலமும் குறைந்துவிடும். பலர் மஸ்காராவை மூன்று மாதத்திலேயே எறியச் சொல்வதும் இதனால்தான். காய்ந்துபோய்விட்டது என்று தண்ணீரோ எச்சிலோ விட்டுக் குழைக்கிறவர்கள் அந்தத் தடுப்புப் பொருளை இன்னும் ஐதாக்கி, புதுக் கிருமியையும் சேர்த்து விடுகிறார்கள். தங்கச்சிக்கு இமையோடு போனது. பிரஷ் நுனி கருவிழியில் கீறி, அந்தக் கீறலில் கெட்ட மஸ்காராவில் இருந்த கிருமி ஏறினால் கருவிழியில் புண் வந்து பார்வையே போகலாம், அப்படி நடந்தும் இருக்கிறது. கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவர்களுக்குப் பயம் இன்னும் கூட.

வெயிலையும் சொல்ல வேண்டும். பெட்டியில் உள்ள எந்த எண்ணும் மதிய வெயில் நேராக விழும் கண்ணாடி அலுமாரிக்குப் பொருந்தாது, நம்மூர் சித்திரை வெக்கையில் அங்கே இருந்த கிறீமில் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதப்பதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிப் பிரிந்தாலோ, நிறம் மாறினாலோ, பழைய எண்ணெய் மாதிரிச் சிக்கு வாடை வந்தாலோ மாதம் மிச்சம் இருந்தாலும் எறிய வேண்டியதுதான். ஆனால் எதிர்ப்பக்கம் அப்படி இல்லை. மணமும் நிறமும் நன்றாக இருந்தாலும் உள்ளே கிருமி இருக்கலாம், தங்கச்சியின் மஸ்காராவில் ஒரு வாடையும் இல்லை.

வாங்கும்போது கடையிலேயே பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் உறையோ ஒட்டுச்சீட்டோ முழுதாக இருக்கிறதா, கிறீம் என்றால் மூடிக்குக் கீழே உள்ள தகடு கிழியாமல் இருக்கிறதா என்று பாருங்கள், தகடே இல்லாத சாடிகளும் உண்டு, அதில் கிறீமின் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும், விரல் பட்ட குழி இருக்கக் கூடாது. மஸ்காராவில் கழுத்தைப் பாருங்கள். திறக்க விடமாட்டோம் என்றால் அது நல்ல கடை, காசைக் கொடுத்துவிட்டு அவர்களுக்கு முன்னாலேயே திறந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அடியில் அழியாத பேனாவால் திறந்த திகதியை எழுதி வையுங்கள்.

கண் சொட்டு மருந்தை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதில் பெரும்பாலும் சாடிப் படம் இருக்காது, போத்தலிலோ உள்ளே இருக்கும் தாளிலோ எழுத்தில்தான் இருக்கும். பல சொட்டு மருந்துகளைத் திறந்து நான்கு கிழமையில் எறிய வேண்டும், போத்தலில் திகதி இன்னும் இரண்டு வருசம் காட்டினாலும். போன தடவை மிச்சம் என்று பிரிட்ஜில் வைத்து அடுத்த பிள்ளைக்கு விடுகிற வழக்கம் நம் வீடுகளில் நிறைய.

கடையில் கடைசியாக, அதே கூடையில் இருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். வேண்டாம், காசைத் தாருங்கள் என்றேன், தரவில்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லலாம், அதற்குப் பில்லும் சாமானும் பெட்டியும் கையில் இருக்க வேண்டும், ஆகவே இப்படி ஏதும் நடந்தால் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கூடைச் சாமானுக்குப் பில் தரமாட்டோம் என்று சொன்னால் அப்போதே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.