பெல்ட்டா, ரோலரா, மோட்டார் திருகாணியா?

மன்னார்குடியில் சித்தப்பா வீட்டுப் பரணில் கிடந்த டேப்ரிக்கார்டர், ஐப்பசி அடைமழை ஓய்ந்த பிறகு கீழே இறங்கியது. அவருடைய கல்யாணத்தில் பதிவுசெய்த நாகஸ்வர கேசட்டைத்தான் முதலில் போட்டோம். அன்று வாசித்த வித்வானுக்கு இரண்டரைக் கட்டை சுருதி. எங்கள் காதில் விழுந்ததோ இரண்டு கட்டை. "என்னடா, தூங்கி வழிகிறார்?" என்றார் சித்தி. பத்தாவது நிமிடத்தில் ஒலியே நின்றது. திறந்து பார்த்தால் ரோலரைச் சுற்றி நாடா இடியாப்பமாகக் கிடந்தது.

அரைக் கட்டை இறக்கம் என்றால் வேகத்தில் ஏறக்குறைய 6 சதவீதம் குறைகிறது. ஆனால் வீட்டில் பதிந்த கேசட்டை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. பதிந்த கருவியே தவறான வேகத்தில் ஓடியிருக்கலாம். அதனால் கடையில் வாங்கிய பக்திப் பாடல் கேசட் ஒன்றைப் போட்டேன். அதே பதிவு கைபேசியில் 6 நிமிடம் ஓடுகிறது, இதில் 6 நிமிடம் 22 விநாடி. குற்றம் கருவியுடையதுதான்.

மூன்று வழிகள் இருந்தன: துடைப்பது, பெல்ட்டைக் கவனிப்பது, மோட்டாரின் வேகத் திருகாணியைத் திருப்புவது. மூன்றாவதுதான் எளிது, பலரும் முதலில் செய்வதும் அதுதான். நான் அதைக் கடைசிக்கு ஒதுக்கினேன்.

நாடாவை இழுப்பது கேப்ஸ்டன் என்னும் மெல்லிய எஃகுத் தண்டும், அதன்மேல் அழுந்தும் ரப்பர் பிஞ்ச் ரோலரும். நாடாவிலிருந்து உதிரும் பழுப்புத் தூள் இரண்டிலும் படிகிறது. நம் ஊர் ஈரக்காற்றில் அது பசையாகி நாடாவைப் பிடித்துக்கொள்கிறது. தண்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். ரப்பருக்குச் சோப்பு நீர் தொட்ட துணி, பிறகு உலர்ந்த துணி. ஏழாவது பஞ்சில்தான் பழுப்பு நின்றது. சிலர் ரோலரை உப்புத்தாளால் தேய்ப்பார்கள். உருண்டை கெட்டுவிட்டால் நாடா ஒருபக்கமாக நகரும். அதைவிட அழுக்கு ரோலரே மேல்.

துடைத்ததில் நாடா சிக்குவது பெரும்பாலும் தீர்ந்தது. வேகம் 6:19 ஆனது, அவ்வளவுதான். ஆனால் பக்கம் முடியும் நேரத்தில் மட்டும் நாடா மறுபடி சிக்கியது. அது ரோலரின் குற்றமல்ல. வலது சுருளில் நாடா சேரச் சேரச் சுருள் பெருக்கிறது, அதை இழுக்கக் கூடுதல் முறுக்குவிசை வேண்டும். அந்த விசை போதாதபோது, கேப்ஸ்டன் தள்ளிவிடும் நாடாவை வாங்க ஆளில்லாமல் அது ரோலர்மேல் ஏறுகிறது. கேசட் இல்லாமல் ஓடவிட்டு வலது சுருளைச் சுழற்றும் கதிரை விரலால் தொட்டால் தெரியும். மெல்ல எதிர்க்க வேண்டிய கதிர் தொட்டதுமே நின்றது. அந்தக் கதிரை ஓட்டும் சிறிய பெல்ட் தளர்ந்திருந்தது. மோட்டாருக்கும் கேப்ஸ்டனைச் சுழற்றும் கனமான சக்கரத்துக்கும் இடையிலான பெரிய பெல்ட்டும் பளபளவென்று வழுக்கியது.

கும்பகோணத்து மெக்கானிக் ஒருவர், "வெந்நீரில் இரண்டு நிமிடம் போடுங்கள் தம்பி, சுருங்கிவிடும்" என்றார். சுருங்கத்தான் செய்தது. 6:05. அன்று இரவே கல்யாணக் கச்சேரி களைகட்டியது. மூன்று வாரத்தில் மறுபடி 6:17. வயதான ரப்பருக்கு அது தற்காலிக மருந்து. புதுப் பெல்ட் வரும்வரை தாங்கும், அதற்கு மேல் இல்லை. சாதாரண ரப்பர் பேண்டையும் மாட்டிப் பார்த்தேன். அதன் தடிமன் சீராக இல்லாததால் நாகஸ்வரத்தின் நீண்ட கார்வை அலையடித்தது. சினிமாப் பாட்டில் தப்பித்துவிடும் இந்தக் குறை, நாகஸ்வரத்தில் தப்பாது.

ஆகவே புதுப் பெல்ட். பழைய பெல்ட்டை அளக்காதீர்கள், அது நீண்டுபோனது. பெல்ட் ஓடும் பாதையில் நூலைச் சுற்றி அளந்து, அதைவிட 5 சதவீதம் குறைவாக வாங்க வேண்டும். எனக்கு நூல் 210 மி.மீ., வாங்கியது 200. கடையில் விட்டம் கேட்டால் 64 மி.மீ. மிக இறுக்கமாக மாட்டினால் மோட்டார் தண்டின் தாங்கி தேயும். சிறிய பெல்ட்டையும் இதே முறையில் மாற்றினேன்.

மாட்டியதும் 5:50! வேகம் கூடிவிட்டது. முன்பு யாரோ தளர்ந்த பெல்ட்டுக்கு ஈடாகத் திருகாணியை ஏற்றி வைத்திருக்கிறார்கள்; மோட்டாரில் அந்தத் திருகாணியின் துளையை அடைக்கும் ரப்பர் மூடி காணாமல் போனதன் மர்மம் அப்போதுதான் விளங்கியது. வழுக்கும் பெல்ட்டின் வேகம் ஒரே அளவில் குறைவதில்லை. சூட்டிலும், கேசட்டின் இறுக்கத்திலும், பக்கத்தின் முடிவிலும் மாறும். திருகாணி அதைச் சரிசெய்யாது, சராசரியை மட்டும் நகர்த்தும். எல்லா இடத்திலும் ஒரே அளவு மெதுவாக இருந்தால் மட்டுமே அது மருந்து. இப்போது எல்லா இடத்திலும் ஒரே அளவு வேகம். மெல்லிய திருப்புளியால் மயிரிழை அளவு குறைத்தேன். மூன்றாவது முயற்சியில் 6:00.

சிக்கிய இடத்தில் நாடா கசங்கியிருக்கிறது. அங்கே வரும்போது நாகஸ்வரம் ஒரு நொடி மங்குகிறது. மற்றபடி வித்வான் இரண்டரைக் கட்டைக்குத் திரும்பிவிட்டார்.