காலிப்பரும் ஸ்மார்ட் எடை மெஷினும்: கொழுப்பு சதவீதத்தில் எதை நம்பலாம்?

ஒரே நாள் காலையில் என் எடை மெஷின் 24.6 சதவீதம் கொழுப்பு என்றது. தோல் மடிப்பின் தடிமனை அளக்கும் காலிப்பரை வைத்துப் போட்ட கணக்கு 19.3 என்றது. இரண்டையும் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், எதற்கு எதை வைத்துக்கொள்ளலாம் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் மெஷின். அது கொழுப்பை அளப்பதே இல்லை. ஒரு பாதத்தின் வழியே நாம் உணராத அளவுக்கு மிகச் சிறிய மின்சாரத்தை அனுப்பி, மறு பாதத்தில் வாங்கி, நடுவில் எவ்வளவு தடை இருக்கிறது என்று பார்க்கிறது. தசையில் நீர் அதிகம் என்பதால் மின்சாரம் எளிதாகப் போகும். கொழுப்பில் அப்படிப் போகாது. அந்தத் தடையோடு உயரம், எடை, வயது, பாலினம் ஆகியவற்றைச் சேர்த்து, நிறுவனம் வெளியே சொல்லாத ஒரு சமன்பாட்டில் போட்டுச் சதவீதத்தைக் காட்டுகிறது. மின்சாரம் பெரும்பாலும் இரண்டு கால்களைத்தான் சுற்றி வருகிறது. தொப்பை எப்படி இருக்கிறது என்பது அதற்கு அநேகமாகத் தெரியாது.

இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எடை பார்த்த கையோடு 5 கிலோ அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ஏறினேன். 74 கிலோ 79 ஆனது, கொழுப்பு 24.6லிருந்து 27.5 ஆனது. கிலோவில் பார்த்தால் 18.2, 21.7 ஆகியிருக்கிறது. அதாவது அரிசியில் மூன்றரைக் கிலோவை என் கொழுப்பில் சேர்த்துவிட்டது! கால்களில் தடை மாறவில்லை, எடை மட்டும் கூடியது. அதனால் சமன்பாடு கூடுதல் எடையில் பெரும்பகுதியைக் கொழுப்பு என்று எடுத்துக்கொண்டது. செயலியில் உயரத்தை மாற்றினாலும், 'அத்லெட் மோடு' போட்டாலும் எண் இப்படித்தான் குதிக்கும்.

அப்புறம் நீர். படுத்து எழுந்த உடனே பார்த்தால் அதிகம், மாலையில் பார்த்தால் குறைவு. எனக்கு ஒரே நாளில் 24.6, 22.8 என்று வந்திருக்கிறது. பகலெல்லாம் நிற்கும்போதும் நடக்கும்போதும் நீர் கால்களில் இறங்குகிறது, தடை குறைகிறது, கொழுப்பும் குறைந்ததாக எண் சொல்கிறது. பாதம் காய்ந்து தடித்திருந்தால் எண் ஏறலாம். ஒரே நேரத்தில், வெறும் வயிற்றில், சிறுநீர் கழித்த பிறகு பார்த்து வாரச் சராசரி எடுத்தால்தான் ஏதாவது பொருள் இருக்கும்.

காலிப்பரின் பிழை வேறு ரகம். ஆண்களுக்கான ஜாக்சன்–பொல்லாக் முறையில் மார்பு, வயிறு, தொடை என மூன்று இடங்கள். வலது பக்கத்தில்தான் எடுக்க வேண்டும். வயிற்றில் தொப்புளிலிருந்து 2 செ.மீ. தள்ளிச் செங்குத்தாக மடிப்பைக் கிள்ளித் தூக்கி, விரல்களுக்கு ஒரு செ.மீ. தள்ளிக் காலிப்பரை வைத்து, இரண்டு விநாடிக்குள் படிக்க வேண்டும். அதற்கு மேல் காத்திருந்தால் கொழுப்பு அமுங்கி அளவு இறங்கிக்கொண்டே போகும். எனக்கு 14, 28, 18 மி.மீ. வந்தது, கூட்டினால் 60. வயது 42. கீழே D என்பது உடலின் அடர்த்தி, கடைசி வரியில் வருவது கொழுப்புச் சதவீதம்.

```
D = 1.10938 - 0.0008267*60 + 0.0000016*60*60 - 0.0002574*42
D = 1.0547
495/D - 450 = 19.3
```

வயிற்று மடிப்பை என் மனைவி கிள்ளிப் பிடித்தால் 24தான் வருகிறது. அந்த 4 மி.மீ. மட்டும் விடையை 18.2க்கு இறக்கிவிடும். அதனால் எப்போதும் ஒரே ஆள், பேனாவால் குறித்த ஒரே இடம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை எடுத்து, 2 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும் எடுக்கிறேன்.

கை சரியாக இருந்தாலும் சமன்பாட்டுக்கே சுமார் 3.5 புள்ளி பிழை உண்டு. 1978இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட கணக்கு அது. தோலுக்கடியில் உள்ள கொழுப்பை மட்டும் பார்த்து உள்ளே இருப்பதை ஊகிக்கிறது. ஒரே உயரம், ஒரே எடை என்றாலும் ஐரோப்பியரைவிடத் தெற்காசியருக்குக் கொழுப்பு கூடுதல். குடலைச் சுற்றிச் சேர்வதும் அதிகம். ஆகவே என் 19.3 குறைத்துச் சொல்லும் எண்ணாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். மெஷினின் 24.6 சரி என்று இதற்கு அர்த்தமில்லை.

இப்போது சதவீதம் கணக்கிடுவதை விட்டுவிட்டேன். மி.மீ. கூட்டுத்தொகையை மட்டும் எழுதி வைக்கிறேன், கூடவே டேப்பில் இடுப்புச் சுற்றளவு. சில மாதங்களில் 60 என்பது 49 ஆனது, இடுப்பும் இறங்கியது. அதே காலத்தில் மெஷினின் சராசரி 24.6லிருந்து 23.9க்குத்தான் வந்தது. எடைக்கு அதை வைத்திருக்கிறேன், அந்த வேலையை நன்றாகவே செய்கிறது.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. வயிற்று மடிப்பைத் தனியாகத் தூக்கவே முடியாத அளவுக்குத் தொப்பை இருந்தால் காலிப்பர் வேண்டாம். வாய் போதாது, ஒவ்வொரு முறையும் வேறு எண் வரும். அவர்களுக்கு இப்போதைக்கு டேப் போதும்.