10,000 பெட்டி திறந்து காட்டிய அறிக்கையை நம்பி ஏமாந்த கதை: கழுத்திரு விழாத லூட் டேபிள்

பெட்டியைத் திறந்தால் எந்தப் பொருள் எவ்வளவு வாய்ப்பில் விழும் என்று முடிவு செய்யும் லூட் டேபிளை வெளியாளிடம் காசு கொடுத்து எழுதி வாங்கும் சிறிய கேம் குழுக்களுக்காக இந்தப் பதிவு. காரைக்குடியில் நடந்த ஒரு வேலை இது. எழுதிக் கொடுத்தவர் பெயர் வேண்டாம். அவர் கொடுத்த புரோகிராம் கோடு எப்படி ஏமாற்றியது, சோதனை அறிக்கை எப்படி அதை மறைத்தது என்பதுதான் தெரிய வேண்டியது.

கேமில் ஒரு செட்டிநாட்டு வீடு. அதன் பெட்டகத்தைத் திறந்தால் நான்கில் ஒரு பொருள் கிடைக்கும். ஆத்தங்குடிக் கல்லுக்கு வெயிட் 60, கண்டாங்கிச் சேலைக்கு 30, பர்மா தேக்குப் பெட்டிக்கு 9, கழுத்திரு என்ற திருமண நகைக்கு 1. மொத்தம் 100. ஆகவே கழுத்திருவுக்கு 1% வாய்ப்பு. ராசியே இல்லாதவர்கள் வெறுத்துப் போகக்கூடாது என்பதற்காக, 89 முறை தொடர்ந்து கிடைக்காவிட்டால் 90வது முறை கட்டாயம் கிடைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். கேம் ஆடுபவர்கள் பிட்டி என்று சொல்வது இதைத்தான்.

அந்த உத்தரவாதம் தேவையா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 1% வாய்ப்பு என்றால் நூறு முறைக்குள் கிடைத்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நூறு முறை திறந்தும் கிடைக்காதவர்கள் 36.6% இருப்பார்கள். 300 முறை திறந்தும் கிடைக்காதவர்கள் கிட்டத்தட்ட 5%. பத்தாயிரம் பேர் ஆடும் கேமில் 500 முறை திறந்தும் கிடைக்காத 66 பேர் இருப்பார்கள். ஒரு ஸ்டார் ரிவ்யூ எழுதுவது அந்த 66 பேர்தான்.

வேலை முடிந்ததும் கோடும் சோதனை அறிக்கையும் வந்தன. 10,000 பெட்டி திறந்ததில் 111 கழுத்திரு, அதாவது 1.11%. "ஒரு சதவீதத்துக்குக் கொஞ்சம் மேலே, அது பிட்டியால வர்றது" என்று விளக்கமும் இருந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. கடைசித் தவணையும் போய்ச் சேர்ந்தது.

பிறகு இருபது பேரிடம் சோதனைக்குக் கொடுத்தோம். ஒருவர் நாளைக்கு ஐந்து பெட்டி வீதம் பன்னிரண்டு நாள் திறந்தால் தலைக்கு 60, மொத்தம் 1,200. கழுத்திரு ஒன்றுகூட விழவில்லை. கேட்டதற்கு வந்த பதில்: "ராண்டம்னா அப்படித்தான் சார் இருக்கும்." அப்படி இருக்காது. 1% வாய்ப்பு உண்மையாக இருந்தால் 1,200 முறையில் ஒன்றுகூட வராமலிருப்பது லட்சத்தில் ஒரு தடவைகூட நடக்காது. அதன் பிறகுதான் கோடைத் திறந்து பார்த்தோம். வாங்கிய அன்றே பார்த்திருக்க வேண்டும்.

```csharp
int roll = Random.Range(0, 100);
int sum = 0;
foreach (var it in table) {
    sum += it.weight;
    if (roll <= sum) return it;
}
return table[0];
```

யூனிட்டி கேம் எஞ்சினில் `Random.Range`-க்கு முழு எண்களைக் கொடுத்தால் மேல் எல்லை சேராது. ஆகவே 0 முதல் 99 வரைதான் வரும், 100 வராது. (தசம எண் கொடுத்தால் மேல் எல்லையும் சேரும். அந்தக் குழப்பத்தில் விழுந்தவர்கள் ஏராளம்.) இனி வரிசையாக எண்ணிப் பாருங்கள். ஆத்தங்குடிக் கல்லுக்கு 0 முதல் 60 வரை, அதாவது 60 அல்ல, 61 எண்கள். சேலைக்கு 61 முதல் 90 வரை, சரியாக 30. தேக்குப் பெட்டிக்கு 91 முதல் 99 வரை, சரியாக 9. கழுத்திருவுக்கு 100 மட்டும் மிச்சம். அந்த எண் வரவே வராது.

ஒரே ஒரு சமக்குறி செய்த வேலை இது. 1 முதல் 100 வரை எண் எடுக்கும் கோடில் `<=` சரி. 0 முதல் 99 வரை எடுக்கும் கோடில் `<` இருக்க வேண்டும். ஒன்றின் தலையை வெட்டி இன்னொன்றின் உடம்பில் ஒட்டினால் இப்படித்தான் ஆகும். வெயிட் 60 உள்ள பொருளுக்கு ஓர் எண் கூடினாலும் குறைந்தாலும் யாருக்கும் தெரியாது. வெயிட் 1 உள்ள பொருளுக்கு அந்த ஓர் எண்தான் மொத்தச் சொத்தே.

அப்படியானால் அறிக்கையில் 111 எப்படி வந்தது? பிட்டியால் மட்டும் வந்தது. ஒவ்வொரு 90வது பெட்டியிலும் கட்டாயமாக ஒன்று விழுந்திருக்கிறது. 10,000-ஐ 90-ஆல் வகுத்தால் 111. குலுக்கலில் வந்தது பூஜ்யம். ஓட்டையை அடைக்க வைத்த பிட்டி, ஓட்டையை மூடி மறைக்கும் பாயாகிவிட்டது.

இந்த டேபிள் சரியாக வேலை செய்தால் 1.11% வரக்கூடாது என்பதுதான் நாங்கள் தவறவிட்ட இடம். 1% குலுக்கலும் 90-இல் உத்தரவாதமும் சேர்ந்தால், ஒரு கழுத்திருவிலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 59.5 பெட்டி. சூத்திரம் எளிது:

```
(1 - 0.99^90) / 0.01 = 59.5
```

அதாவது 10,000 பெட்டிக்கு 168 அளவில் வர வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் மாறும், பெரும்பாலும் 155-க்கும் 182-க்கும் இடையில் இருக்கும். 111 என்பது அந்தப் பக்கமே வராத எண். அதைவிட மோசம், எத்தனை முறை ஓட்டினாலும் அதே 111 வந்தது. குலுக்கல் என்று சொல்லும் ஒன்று ஒவ்வொரு முறையும் ஒரே விடை தந்தால் அங்கே குலுக்கலே நடக்கவில்லை.

ஆகவே யாரிடம் வாங்கினாலும் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாதீர்கள். ஒரு கழுத்திருவுக்கும் அடுத்ததற்கும் நடுவே எத்தனை பெட்டி என்ற இடைவெளிப் பட்டியலைக் கேளுங்கள். சரியான டேபிளில் நூறு இடைவெளிகளில் 26 அளவில் முதல் 30 பெட்டிக்குள் முடியும், 41 அளவில் சரியாக 90-இல் நிற்கும், மீதி நடுவில் சிதறிக் கிடக்கும். எங்களுக்கு வந்த கோடில் எல்லா இடைவெளியும் 90. அந்தப் பட்டியலைப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் பிடித்திருக்கலாம். இன்னொரு சோதனை, டேபிளைத் தலைகீழாக அடுக்கி ஓட்டுவது. வரிசை மாறினால் வாய்ப்பு மாறக்கூடாது. இந்தக் கோடில் கழுத்திருவை முதலில் வைத்தால் அதற்கு 0, 1 என்று இரண்டு எண்கள் கிடைத்து வாய்ப்பு 2% ஆகிறது, 10,000-க்கு 240 அளவில் விழுகிறது.

திருத்தும்போது `<` போட்டால் மட்டும் போதாது. அந்த 100-ஐக் கையால் எழுதி வைக்காமல் டேபிளிலிருந்து கூட்டி எடுக்க வேண்டும். பொங்கலுக்கு வெயிட் 5-இல் ஒரு புதிய பொருளைச் சேர்த்தால் மொத்தம் 105. கோடில் 100 என்றே இருந்தால் கடைசி ஐந்து எண்கள் வெட்டுப்படும், மறுபடியும் வால் பக்கம் இருப்பவர்தான் பலி. சரியாகக் கூட்டினாலும் கழுத்திருவின் வாய்ப்பு 0.95%-ஆக இறங்கும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்டோரில் எழுதிய எண்ணையும் மாற்ற வேண்டும். காசுக்கு விற்கும் பெட்டிகளின் வாய்ப்பை வாங்கும் முன்பே காட்ட வேண்டும் என்று ஆப்பிள் 2017 டிசம்பரிலேயே விதி போட்டுவிட்டது. அங்கே 1% என்று போட்டுவிட்டு உள்ளே பூஜ்யம் வைத்திருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள், எழுதிக் கொடுத்தவர் அல்ல.

சரி, பிட்டியாவது ஆட்களுக்கு வேலை செய்ததா என்றால் அதுவும் இல்லை. எத்தனை முறை கிடைக்கவில்லை என்று எண்ணும் கவுண்டர் நினைவகத்தில் மட்டும் இருந்தது. `Start()`-இல் அதைப் பூஜ்யமாக்கும் வரி வேறு. கேமை மூடித் திறந்தால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒரே மூச்சில் 10,000 பெட்டி திறக்கும் சோதனைக்கு இது தெரியவே தெரியாது. நாளைக்கு ஐந்து பெட்டி திறக்கும் மனிதர் ஆயுள் முழுக்க ஆடினாலும் 90-ஐத் தொட மாட்டார். பேரேட்டில் பக்கம் திருப்பும்போது முன்பாக்கியை எழுதாமல் விடும் கணக்குப்பிள்ளையை இந்த ஊரில் ஒருநாள்கூட வைத்திருக்க மாட்டார்கள்.

```csharp
p.miss++;
Item got = (p.miss >= 90) ? rare : Roll(table);
if (got == rare) p.miss = 0;
Save(p, got);
ShowChest(got);
```

கடைசி இரண்டு வரிகளின் வரிசை முக்கியம். பெட்டி திறக்கும் அனிமேஷனுக்கு முன்பே பொருளும் கவுண்டரும் சேர்ந்து சேமிக்கப்பட வேண்டும், முடிந்தால் சர்வரில். பிறகு சேமித்தால், கல் வருவதைப் பார்த்ததும் ஆப்பை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்க்கும் கூட்டம் உருவாகும். இதைச் சோதிக்க ஐந்து பெட்டி திறந்து, ஆப்பை முழுதாக மூடி, மறுபடி ஐந்து என்று பதினெட்டு முறை செய்யுங்கள். நடுவில் கழுத்திரு வராமலிருக்க அதன் வெயிட்டைச் சோதனைக்கு மட்டும் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். 90வது பெட்டியில் விழ வேண்டும்.

எங்கள் தப்பும் ஒன்று உண்டு. நூற்றுக்கு 41 பேர் சுவரில் முட்டும் வரை காத்திருப்பது நல்ல வடிவமைப்பு இல்லை. இப்போது வாய்ப்பைப் படிப்படியாக ஏற்றுகிறோம்:

```csharp
int Chance(int n) {        // 1000-க்கு எத்தனை
    if (n >= 90) return 1000;
    if (n <= 60) return 6;
    return 6 + (n - 60) * 30;
}
```

60வது பெட்டி வரை 0.6%, அதன் பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் 3% கூடும். 60-க்குள் 30% பேருக்குக் கிடைக்கிறது, 75-ஐத் தாண்டிக் காத்திருப்பவர்கள் 1%-க்கும் குறைவு, சராசரி 55 பெட்டி. கழுத்திருவுக்கு மட்டும் இந்தக் குலுக்கலை முதலில் போட வேண்டும். விழாவிட்டால் மீதி மூன்றுக்கும் 99-இல் குலுக்க வேண்டும். இரண்டாவது டேபிளிலும் கழுத்திருவை விட்டுவைத்தால் இரண்டு கதவு வழியாகவும் விழும், கணக்கு கெடும். ஒப்பந்தத்தில் "சராசரி 1%, 90-இல் உத்தரவாதம்" என்று எழுதிக் கேட்காதீர்கள். உத்தரவாதம் மட்டுமே 1.11% தருவதால் சராசரி அதற்குக் கீழே இறங்க முடியாது. எந்த எண்ணைச் சொல்கிறீர்கள் என்பதைப் பிரித்து எழுதுங்கள்.

ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தவர்களின் கவுண்டர் எங்கும் சேமிக்கப்படாததால் அதை மீட்க வழியில்லை. பெட்டி திறந்த பதிவுகள் மட்டும் சர்வரில் இருந்தன. அவற்றை ஆள்வாரியாக எண்ணி, 90-ஐத் தாண்டியவர்களுக்குக் கழுத்திருவை நேரடியாக அனுப்பினோம். மற்றவர்களுக்கு எண்ணியது எவ்வளவோ அதையே `miss`-இல் ஏற்றிவிட்டோம்.