மூணு சம பங்கா போட்டா ரிஸ்க்கும் சமமா? ரிஸ்க் பாரிட்டி வச்சிருக்கற அனுபவம்

போன வாரம் ஒரு நண்பர் கேட்டாரு, நிஃப்டி ஃபண்ட், கோல்ட் ஈடிஎஃப், அரசாங்க பத்திரத்துல போடற கில்ட் ஃபண்ட் மூணுலயும் ஆளுக்கு ஒரு லட்சம் போட்டா அதுவே பேலன்ஸ் தானே, நீங்க ஏன் கில்ட்லயே போய் குமிச்சு வச்சிருக்கீங்கன்னு. பணம் பேலன்ஸ்தான், ஆட்டம் பேலன்ஸ் இல்ல.

கணக்குக்கு வருஷ வோலடிலிட்டி, அதாவது விலை ஏறி இறங்கற அளவு, ஈக்விட்டி 18%, தங்கம் 15%, கில்ட் 5%னு வச்சுக்கங்க, ஒண்ணோட ஒண்ணு எவ்ளோ சேந்து ஆடுதுங்கற கோரிலேஷன் இப்போதைக்கு பூஜ்யம். லட்ச ரூபாய்ல முறையே 18,000, 15,000, 5,000 ஆடும். ரிஸ்க் கூட்டும்போது வர்க்கம்தான் கூடும், அதாவது 324, 225, 25, மொத்தம் 574. அதுல ஈக்விட்டி 56%, தங்கம் 39%, கில்ட் வெறும் 4% சொச்சம். மூணுல ஒரு பங்கு பணத்த வாங்கிட்டு கில்ட் அங்க சும்மா உக்காந்திருக்கு.

ரிஸ்க் பாரிட்டின்னா பணத்த இல்ல, ரிஸ்க்க சமமா பிரிக்கறது; அதுக்கு வோலடிலிட்டிக்கு தலைகீழா, அதிகம் ஆடறதுக்கு கம்மி பணம்னு பிரிக்கணும். அதே 3 லட்சத்துல ஈக்விட்டிக்கு சுமார் 51,700, தங்கத்துக்கு 62,100, கில்ட்டுக்கு 1,86,200. இப்ப ஒவ்வொண்ணும் சுமார் 9,300 ரூபா ஆடும், மொத்த போர்ட்ஃபோலியோ வோலடிலிட்டி சம பங்குல இருந்த 8%லேந்து 5.4%க்கு இறங்கிடும். மார்க்கெட் விழற வாரத்துல ஆப்ப திறக்க பயமே இல்ல, இது எனக்கு நிஜமாவே ரொம்ப புடிச்சிருக்கு.

ஆனா ஒரு எரிச்சல் மட்டும் தீரவே மாட்டேங்குது. பணத்துல 62% கில்ட்ல இருக்கு, ஈக்விட்டி ஓடற வருஷம் நாம நடந்துதான் போறோம். பெரிய ஃபண்டுங்க இதுக்கு கடன் வாங்கி மொத்தத்தையும் பெருக்குவாங்க, 8% ரிஸ்க்குக்கு திரும்ப வரணும்னா ரூபாய்க்கு அம்பது பைசா கடன் வேணும். நமக்கு கெடைக்கற பர்சனல் லோன் வட்டி கில்ட் குடுக்கறதவிட அதிகம், அப்பறம் எங்க பெருக்கறது? இந்த முறையோட பாதி வேலையே அந்த கடன்லதான் இருக்கு, அத சொல்லாம விக்கறது தப்பு.

இன்னொண்ணு, இந்த தலைகீழ் கணக்கு கோரிலேஷன் எல்லா ஜோடிக்கும் ஒரே அளவா இருந்தாத்தான் சரி. ஈக்விட்டியும் கில்ட்டும் 0.5 கோரிலேஷன்ல சேந்து ஆட ஆரம்பிச்சா, அதே வெயிட்ல ரிஸ்க் பங்கு 37.5, 37.5, தங்கத்துக்கு 25னு கோணிக்கும். சரி பண்ண தங்கத்த 24%க்கு ஏத்தணும், ஈக்விட்டி 16.5, கில்ட் 59 சொச்சம். 2022ல அமெரிக்காவுல எஸ்&பி 500 சுமார் 18%, பாண்ட் இண்டெக்ஸ் சுமார் 13% ரெண்டும் ஒண்ணா விழுந்துச்சு, கடன் வச்சு பாண்ட் பெருக்கினவங்களுக்கு அடி பலம். உங்க ஷீட்ல கோரிலேஷன் கணக்கே இல்லன்னா அது ரிஸ்க் பாரிட்டி இல்ல.

நான் விக்கப் போறதில்ல, வர்ற எஸ்ஐபி பணத்த கொறஞ்ச பக்கம் திருப்பி சரி பண்றேன், ஏன்னா 2023 ஏப்ரலுக்கு அப்பறம் வாங்கின கில்ட் யூனிட்ட வித்தா லாபத்துக்கு ஸ்லாப் ரேட்ல வரி. ஆனா நண்பருக்கு இருபது வருஷம் கையில இருக்கு, ஈக்விட்டி ஆட்டத்த தாங்கலாம், அதனால அவருகிட்ட இந்த முறை வேணாம்னுதான் சொன்னேன்.