பொது டிவிக்கு இரவுப் பூட்டு: 14 மாத அனுபவம்

எங்கள் வீட்டில் கூடத்தில் ஒரே ஒரு டிவி. அதற்கு உரிமை கொண்டாடுபவர்கள் ஐந்து பேர்: நான், கணவர், மாமியார், பத்தாம் வகுப்பு மகள், எட்டாம் வகுப்பு மகன். பிள்ளைகள் பார்க்கும் நேரத்தைக் கட்டுப்படுத்த 14 மாதங்களுக்கு முன்பு தொடங்கினேன்.

முதலில் டிவியிலேயே இருந்த வசதியைப் பயன்படுத்தினேன். ஒரு நாளைக்கு 2 மணி நேரம், அதற்குமேல் கடவு எண் கேட்கும். மூன்றாம் நாளே சிக்கல் வந்துவிட்டது. மாமியார் 7 மணிக்குத் தொடர் பார்க்க உட்கார்ந்தால் 9 வரை எழுந்திருக்க மாட்டார். எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது டிவிக்குத் தெரியாதே. பாட்டியின் தொடர்கள் பிள்ளைகளின் 2 மணி நேரத்தைத் தின்றுவிட்டன. "நான் இன்றைக்கு டிவியையே தொடவில்லை அம்மா" என்று மகள் சொன்னது முழு உண்மை. சிறுவர் சுயவிவரம் வைத்தால் கணக்கு தனியாக ஓடும்தான். ஆனால் அது சின்னக் குழந்தைகளுக்கானது, பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அதில் பார்க்க ஒன்றும் இருக்காது.

எனவே பூட்டை டிவியிலிருந்து ரூட்டருக்கு மாற்றினேன். பாட்டியின் தொடர்கள் டிஷ் வழியாக செட்டாப் பாக்ஸில் வருகின்றன, பிள்ளைகள் பார்ப்பதெல்லாம் இணையத்தில். டிவிக்கு மட்டும் இணையத்தை நிறுத்தினால் பாட்டிக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ரூட்டரின் பெற்றோர் கட்டுப்பாட்டுப் பக்கத்தில் டிவியின் மேக் முகவரியை, அதாவது ரூட்டர் அதை அடையாளம் காணும் எண்ணை, பதிந்தேன். வைஃபைக்கு ஒன்று, லேன் கம்பிக்கு ஒன்று என டிவிக்கு இரண்டு முகவரிகள் உண்டு, இரண்டையும் பதிய வேண்டும். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் கடவுச்சொல்லையும் அன்றே மாற்றிவிட்டேன்.

இரவு 10 முதல் காலை 6 வரை என்று ஒரே விதியாக எழுத எங்கள் ரூட்டர் விடவில்லை. 22:00 முதல் 23:59 வரை ஒன்று, 00:00 முதல் 06:00 வரை இன்னொன்று எனப் பிரிக்க வேண்டியிருந்தது. வெள்ளி இரவு விடுமுறை என்று வாக்குக் கொடுத்து, வெள்ளிக்கிழமைக் குறியை இரண்டு விதிகளிலும் எடுத்தேன். படம் பாதியில் நள்ளிரவு 12 மணிக்கு நின்றது. நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் சனிக்கிழமைக் கணக்கில் வருகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது விதியில் எடுக்க வேண்டியது சனிக்கிழமைக் குறி.

மூன்றாவது மாதத்தில் ஒரு காலை, மாமியார் யூடியூபில் பக்திப் பாடல் போட முயன்றார், வரவில்லை. 11:30 மணிக்குத் தானாக வந்தது. ரூட்டரின் நிலைப் பக்கத்தைத் திறந்தால் அதன் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது. முந்தைய வாரம் பழுது பார்க்க வந்தவர் ரூட்டரை ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், என் விதிகளை மட்டும் திரும்ப ஏற்றியிருக்கிறார். நேர மண்டலம் உலக நேரத்திலேயே நின்றுவிட்டது. அதனால் பூட்டு அதிகாலை 3:30-க்கு விழுந்து 11:30-க்குத் திறந்தது. அந்த வாரம் பிள்ளைகள் ஏன் அவ்வளவு சமர்த்தாக இருந்தார்கள் என்பதும் விளங்கியது. இப்போது மின்வெட்டுக்குப் பிறகும் அந்தப் பக்கத்தின் நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ரூட்டரால் தடுக்கவே முடியாத வழி ஒன்று உண்டு: கைப்பேசி ஹாட்ஸ்பாட். மாமியாரின் கைப்பேசிக்கு நாளைக்கு 1.5 ஜிபி டேட்டா. ஒரு காலை, அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்ற குறுஞ்செய்தியைக் காட்டி, "நான் எழுந்திருக்கும் முன்பே எப்படிம்மா தீரும்?" என்று கேட்டார். எச்டியில் பார்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 3 ஜிபி போகும். நள்ளிரவில் புதிய நாளின் டேட்டா வந்ததும் மகன் அரை மணி நேரம் பார்த்திருக்கிறான். திட்டவில்லை. என்ன பார்த்தாய் என்று கேட்டேன். முந்தைய இரவு 10 மணிக்கு அறுந்துபோன அத்தியாயத்தின் மிச்சம் என்றான்.

தவறு என்னுடையது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. கதையின் உச்சத்தில் அறுத்தால் எந்தப் பிள்ளை தூங்கும்? இணையப் பூட்டை 10:20-க்குத் தள்ளினேன். 10-க்கு மேல் புதிய அத்தியாயம் தொடங்கக் கூடாது என்று பேசி வைத்தோம். நெட்ஃபிளிக்ஸில் அவர்கள் சுயவிவரங்களில் அடுத்த அத்தியாயம் தானாக ஓடுவதை நிறுத்தினேன். கைப்பேசிகள் இரவில் என் அறையில் சார்ஜ் ஆகின்றன, என்னுடையதும் சேர்த்துத்தான்.

தினசரி 2 மணி நேரக் கணக்கை அடியோடு விட்டுவிட்டேன். பதிலாக, பள்ளி நாள்களில் மாலை 4 முதல் 8 வரையும் டிவிக்கு இணையம் கிடையாது. மிஞ்சுவது 8 முதல் 10:20 வரை. அதில் முதல் ஒரு மணி நேரம் பாட்டியின் தொடர். பல நாள் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அதையே பார்க்கிறாள்.