லீப் பிப்ரவரியில் நின்றுபோன பெர்பெச்சுவல் காலண்டர்: நான் சரிசெய்த விதம்

டர்பனில் கல்யாணம், கோயில் என்று வெளியே போகும்போது மட்டும் நான் கட்டுகிற ஆட்டோமேட்டிக் வாட்ச் இது. மாதத்துக்கு எத்தனை நாள், எது லீப் வருடம் என்று பார்த்துத் தேதியைத் தானே மாற்றிக்கொள்ளும் பெர்பெச்சுவல் காலண்டர் இதில் உண்டு. மற்ற நாளில், நின்றுபோகாமல் இருக்க வாட்சைச் சுற்றிவிடும் மின்சார வைண்டர் பெட்டியில் சுற்றிக்கொண்டிருக்கும். தேதி, கிழமை, மாதம், பிறை எல்லாவற்றையும் பக்கத்துக் குமிழான கிரவுன் ஒன்றாலேயே சேர்த்து நகர்த்தும் வகை. 1985-இல் ஐ.டபிள்யூ.சி. என்ற சுவிஸ் வாட்ச் நிறுவனத்தின் டா வின்சி மாடலுக்காக குர்ட் கிளவுஸ் உருவாக்கிய ஏற்பாடு இது. வசதியானதுதான், ஆனால் முன்னால் மட்டுமே போகும், பின்னால் வராது.

லீப் வருடம் இதற்கு எப்படித் தெரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். உள்ளே நான்கு வருடத்துக்கு ஒருமுறை முழுச் சுற்று வரும் ஒரு மாதத் தட்டு இருக்கிறது. 48 மாதத்துக்கும் ஓரத்தில் இடம் உண்டு. 31 நாள் மாதத்துக்குப் பள்ளமில்லை, 30 நாளுக்குச் சிறு பள்ளம், பிப்ரவரிக்கு ஆழமான பள்ளம். அந்த நான்கு பிப்ரவரியில் ஒன்றின் பள்ளம் மட்டும் கொஞ்சம் ஆழம் குறைவு, அதுதான் லீப் வருடம். ஒரு நெம்புகோலின் மூக்கு இந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்க்கும். பள்ளம் ஆழமாக ஆழமாக, மாதக் கடைசி இரவில் தேதிச் சக்கரத்தை அது அதிகப் பற்கள் தள்ளும். சாதாரண பிப்ரவரி 28-ஆம் தேதி இரவில் நான்கு பல், லீப் வருட 29-ஆம் தேதி இரவில் மூன்று பல். கணக்குப் போடும் மூளை எதுவும் கிடையாது, பள்ளத்தின் ஆழம் அவ்வளவுதான். 2100-ஆம் வருடம் லீப் இல்லை என்பது இந்தத் தட்டுக்குத் தெரியாது. அந்த மார்ச் 1 காலையில் வாட்ச் பிப்ரவரி 29 என்று காட்டும், யாராவது ஒருநாள் முன்னால் தள்ள வேண்டும்.

2020-இல் கையில் இருந்தபடியே 29-ஐக் காட்டிவிட்டு ஒழுங்காக மார்ச்சுக்குப் போனது. சிக்கல் 2024-இல் வந்தது. பிப்ரவரி முழுக்க மின்வெட்டு. கரண்ட் திரும்பி வந்தாலும் தானாகச் சுற்றத் தொடங்காத வைண்டர்கள் உண்டு, என்னுடையது அந்த ரகம். மார்ச் 3, ஞாயிறு காலை பெட்டியைத் திறந்தால் வாட்ச் 26, திங்கள், 9:40 என்று நின்றிருக்கிறது.

உடனே தேதியைத் தள்ளக் கூடாது. 9:40 பகலா, இரவா? இரவாக இருந்தால் நெம்புகோல் ஏற்கெனவே பாதி நகர்ந்து பற்களோடு கோத்திருக்கும். அப்போது கிரவுனால் தேதியைத் தள்ளினால் பல் உடையலாம். முள் இரவு எட்டுக்கும் அதிகாலை மூன்றுக்கும் நடுவே இருக்கும்போது தேதியைத் தொடாதே என்பது பொது விதி. உங்கள் வாட்சின் கையேடு வேறு நேரம் சொன்னால் அதைத்தான் கேட்க வேண்டும். வெளியே உண்மையான மணி என்ன என்பது இங்கே பொருட்டே இல்லை, வாட்சின் முள் எங்கே நிற்கிறது என்பதுதான் கணக்கு.

முதலில் கிரவுனைச் சுற்றி நன்றாகச் சாவி கொடுத்தேன். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் நள்ளிரவுத் தேதி மாற்றத்தில் திணறி வாட்ச் மறுபடி நிற்கலாம். பிறகு கிரவுனை மணி வைக்கும் நிலைக்கு இழுத்து முள்ளை மெதுவாக முன்னால் நகர்த்தினேன். பன்னிரண்டைக் கடந்ததும் 27, செவ்வாய் என்று மாறியது. ஆக நின்றது இரவில். நிறுத்தாமல் காலை ஆறு வரை கொண்டுபோனேன். இப்போது நெம்புகோல் பற்களை விட்டு விலகிவிட்டது.

கிரவுனைத் தேதி நிலைக்குத் தள்ளி, ஒவ்வொரு கிளிக்காகத் திருப்பினேன்: 28, 29, மார்ச் 1, 2, 3. ஐந்து கிளிக். சாதாரண வருடமாக இருந்திருந்தால் நான்கே போதும். அதனால் கிளிக்கை எண்ணுவதைவிடக் கிழமையைப் பார்ப்பதுதான் எனக்கு நம்பிக்கை. 3 வரும்போது ஞாயிறும் வந்ததா? வந்தது. லீப் வருடக் கணக்கு உள்ளே தப்பியிருந்தால் தேதிக்கும் கிழமைக்கும் ஒருநாள் இடறியிருக்கும். கடைசியில் முள்ளை அன்றைய மணிக்குக் கொண்டுவந்தேன். பகல் நேரம்தான், நள்ளிரவைக் கடக்க வேண்டியிருக்கவில்லை.

பன்னிரண்டில் தேதி மாறாவிட்டால் அது நண்பகல். அப்போதும் பகல் ஒன்று, இரண்டில் வைத்துத் தள்ளலாம். ஆனால் ஒருநாள் குறைவாக, மார்ச் 2-இலேயே நிறுத்த வேண்டும். மிச்ச ஒருநாளை, காலை மணிக்கு முள்ளைக் கொண்டுவரும் வழியில் வருகிற நள்ளிரவு சேர்த்துவிடும்.

சாட்ஸ்வொர்த் நண்பர் ஒருவர், "அண்ணே, ரெண்டு நாள் கூடப் போயிட்டா பின்னாடி திருப்பலாமா?" என்று கேட்டார். கூடாது. வாட்சைக் கழற்றி வைத்து நிற்கவிட்டு, உண்மையான தேதி அதை எட்டிப் பிடிக்கும்வரை காத்திருந்து மறுபடி ஓட்டலாம். ஒரு மாதமே தாண்டிவிட்டால் வாட்ச்மேக்கரிடம்தான் போக வேண்டும். உறையின் ஓரத்தில் தனித்தனிப் பொத்தான் உள்ள வகைக்கு இந்த வரிசை பொருந்தாது. அவற்றை அழுத்தக் கூடவே தரும் குச்சி இருக்கும், ஊசி வேண்டாம்.