மும்பைக்கு வரும் அலை: கட்டத் திசைவேகமா, குழுத் திசைவேகமா?

மாட்டுங்காவில் என்னிடம் இயற்பியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் கணக்கு இது. மும்பையிலிருந்து 1,500 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலில் ஒரு புயல். அது கிளப்பிய அலைகளின் அலைவு நேரம் 14 விநாடி. அவை இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்?

ஆழ்கடல் அலைகளுக்கு ω² = gk. இதில் ω கோண அதிர்வெண், k அலையெண், g புவியீர்ப்பு முடுக்கம்; கீழே வரும் T அலைவு நேரம். இதன்படி நீளமான அலை வேகமாகவும் குட்டையான அலை மெதுவாகவும் ஓடும். அதனால் கடல் ஒரு பிரிகை ஊடகம். தனி முகடு ஒன்றின் வேகம்தான் கட்டத் திசைவேகம்:

ω/k = gT/2π = 9.8 × 14 / 6.28 ≈ 21.8 மீ/வி

இதை வைத்து வகுத்தால் 19 மணி நேரம் வருகிறது. பலரும் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அந்த நேரத்தில் கரைக்குப் போய் நின்றால் புயலின் அலை எதுவும் வந்திருக்காது. ஆற்றலைச் சுமந்து வருவது அலைக்கூட்டம்; அதன் வேகம்தான் குழுத் திசைவேகம், dω/dk. ஆழ்கடலில் இது g/2ω, அதாவது முகட்டு வேகத்தில் சரிபாதி: 10.9 மீ/வி. விடை 38 மணி நேரம்.

இருமடங்கு வேகத்தில் ஓடும் முகடு எங்கே போகிறது? கேட்வேயிலிருந்து எலிபெண்டாவுக்குப் போகும்போது, வேறொரு படகு கிளப்பிவிட்ட அலைக்கூட்டத்தில் ஒரே ஒரு முகட்டைக் கண்ணால் பின்தொடர்ந்து பாருங்கள். அது கூட்டத்தின் வாலில் தோன்றி, நடுவில் உயர்ந்து, தலைப்பகுதிக்கு வந்ததும் தேய்ந்து மறைகிறது. முன்னால் உள்ள நீர் அசையாமல் கிடக்கிறது. அங்கே முகட்டை உயர்த்தி நிறுத்த ஆற்றல் இன்னும் வந்து சேரவில்லை.

எனவே அலை எப்போது வரும் என்ற கேள்விக்குக் குழுத் திசைவேகம் மட்டுமே பொருந்தும். மிதவையைக் கடக்கும் ஒரு முகடு அடுத்த மிதவையை எப்போது தொடும் என்று கேட்டால் கட்டத் திசைவேகம் போதும்.

அதே புயலின் 10 விநாடி அலைகளுக்குக் குழுத் திசைவேகம் 7.8 மீ/வி. அவை வர 53 மணி நேரம் ஆகும். 14 விநாடி அலைகளுக்கு 15 மணி நேரம் பின்தங்கிவிடும். இந்த இடைவெளியை அளந்தால் புயல் எவ்வளவு தொலைவில் இருந்தது என்று திருப்பிக் கணக்கிடலாம். கடலியலாளர் வால்டர் மங்க் 1960களில் பசிபிக் அலைகளைத் தொலைதூரப் புயல்களோடு இணைத்துக் காட்டியது இந்த முறையில்தான்.

சரிபாதி என்ற உறவு எல்லா ஆழத்துக்கும் செல்லாது. 14 விநாடி அலையின் நீளம் ஆழ்கடலில் 306 மீட்டர். ஆழம் அதில் பாதிக்குக் கீழே இறங்கியதும் சூத்திரம் மாறுகிறது. மும்பைக்கு மேற்கே கண்டத்திட்டு, அதாவது கரையையொட்டிய ஆழம் குறைந்த கடற்பகுதி, மிக அகலமானது. அங்கே 80 மீட்டர் ஆழத்தில் கட்டத் திசைவேகம் 20.6 ஆகக் குறைகிறது, குழுத் திசைவேகமோ 12.5 ஆக உயர்கிறது. ஆகவே உண்மையான வருகை 38 மணி நேரத்துக்குச் சற்று முன்னதாகவே இருக்கும். கரையோரத்தில் ஆழம் h சில மீட்டராகச் சுருங்கும்போது இரண்டும் √(gh) என்ற ஒரே மதிப்பை நெருங்குகின்றன. அங்கே எதை எடுத்தாலும் விடை ஏறக்குறைய ஒன்றுதான்.